ஆல்ஃபா, தீட்டா, காமா: மூளையின் தாளங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளை அலை என்பது மூளையிலிருந்து வெளியே போகிற அலையா? ரேடியோ மாதிரியா?

இல்லை. மூளையின் மேற்பரப்பில் இருக்கும் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும்போது, ஒவ்வொரு அணுவைச் சுற்றியும் மிகச் சிறிய மின்னழுத்த மாற்றம் உண்டாகிறது. ஓர் அணுவின் மாற்றம் மண்டையோட்டைத் தாண்டி எட்டாது. ஆனால் சில சதுர சென்டிமீட்டர் பரப்பில் உள்ள லட்சக்கணக்கான அணுக்கள் ஒரே சமயத்தில் ஏறி இறங்கினால், அவற்றின் கூட்டுத்தொகை தலைத்தோலில் வைத்த மின்முனைக்குத் தெரியும். அதுவும் பத்திலிருந்து நூறு மைக்ரோவோல்ட் வரைதான். ஒரு டார்ச் பேட்டரியின் ஒன்றரை வோல்ட்டோடு ஒப்பிட்டால் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத அளவு. இந்த ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்வதுதான் இ.இ.ஜி.

ஒரு விநாடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதை ஹெர்ட்ஸில் சொல்கிறோம். 4க்குக் கீழே டெல்டா, 4 முதல் 8 வரை தீட்டா, 8 முதல் 13 வரை ஆல்ஃபா, 13 முதல் 30 வரை பீட்டா, அதற்கு மேல் காமா. இந்த எல்லைகளை மனிதர்கள் வசதிக்காகப் போட்டார்கள். மூளைக்குள் 8 ஹெர்ட்ஸில் கதவு எதுவும் கிடையாது. பெயர்களும் வேகத்தின் வரிசையில் வரவில்லை. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் முதன்முதலாக மனித மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்து, ஐந்து ஆண்டுகள் கழித்து 1929-ல் வெளியிட்டார். அவர் கண்ணில் முதலில் தெளிவாகப் பட்ட அலை ஆல்ஃபா ஆனது, அடுத்தது பீட்டா. டெல்டாவும் தீட்டாவும் பின்னால் வந்து சேர்ந்த பெயர்கள்.

ஆல்ஃபா வந்தால் மனம் அமைதியாக இருக்கிறது என்று அர்த்தமா?

அப்படித்தான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இ.இ.ஜி அறையில் கொஞ்ச நாள் உட்கார்ந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒருவர் கவலையோடு வந்து உட்காருகிறார். "கண்ணை மூடுங்க" என்கிறோம். ஒன்றிரண்டு விநாடிக்குள் பின்மண்டை மின்முனைகளில் 10 ஹெர்ட்ஸ் அலை சீராக எழும்புகிறது. "திறங்க" என்றால் படுத்துவிடுகிறது. அந்த இரண்டு விநாடியில் அவர் கவலை போய்த் திரும்பி வரவில்லை. மாறியது கண் மட்டும்தான்.

பெர்கரே இதைக் கவனித்திருந்தார். பலர் அவரை நம்பவில்லை. 1934-ல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் அதைத் திரும்பச் செய்து காட்டியபின்தான் உலகம் ஏற்றுக்கொண்டது. கண் மூடியிருக்கும்போதே ஒரு கடினமான மனக்கணக்குப் போடச் சொன்னால் சிலருக்கு ஆல்ஃபா தணிவதையும் அந்தக் காலத்திலேயே பார்த்தார்கள். ஆகவே வெளிச்சம் மட்டும் காரணம் இல்லை. பார்வைப் பகுதிக்கு வேலை வந்ததா இல்லையா என்பதோடு அது கட்டுப்பட்டிருக்கிறது.

1960களில் அமெரிக்காவில் ஜோ கமியா, ஆல்ஃபா வரும்போது ஒலி எழுப்பிக் காட்டினால் அதைக் கூட்டக் கற்றுக்கொள்ள முடியும் என்று காட்டினார். பங்கேற்றவர்கள் இனிமையான, மிதக்கிற மாதிரியான உணர்வைச் சொன்னார்கள். "ஆல்ஃபா என்றால் தியான நிலை" என்ற நம்பிக்கை பெரும்பாலும் அங்கிருந்துதான் பரவியது. 1970களில் வந்த கவனமான சோதனைகள், அந்த உணர்வு ஆல்ஃபாவின் அளவைவிட எதிர்பார்ப்பையும் இருட்டான, அமைதியான அறையையும் பின்தொடர்வதைக் காட்டின. என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்லப்படாதவர்களுக்கு ஆல்ஃபா நிறைய வந்தும் அந்த அனுபவம் வரவில்லை.

அப்படியானால் ஆல்ஃபா எதைத்தான் காட்டுகிறது? மூளை ஓய்வெடுப்பதையா?

ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்தார்கள், வண்டி நின்றபடி எஞ்சின் ஓடுவது போல. இப்போது கிடைத்திருக்கிற சான்றுகள் வேறு பக்கம் சாய்கின்றன. தேவையில்லாத தகவலை மூளை அடக்கி வைக்கும் இடத்தில் ஆல்ஃபா கூடுகிறது.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சோதனை 2000-ல் வொர்டனும் சகாக்களும் செய்தது. ஒருவர் திரையின் நடுப்புள்ளியைப் பார்த்தபடி இருக்கிறார். கண்ணை நகர்த்தாமல் இடப்பக்கம் மட்டும் கவனிக்கச் சொல்கிறார்கள். இடப்பக்கக் காட்சி மூளையின் வலப்பாதிக்குப் போகும், வலப்பக்கக் காட்சி இடப்பாதிக்குப் போகும். காட்சி இன்னும் வரவில்லை, காத்திருக்கும் நேரம்தான். அப்போதே இடப்பாதியில், அதாவது புறக்கணிக்க வேண்டிய பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பாதியில், ஆல்ஃபா எழும்புகிறது. அந்த மனிதர் ஓய்வாக இல்லை, கூர்ந்த கவனத்தில் இருக்கிறார். ஒரே தலைக்குள் ஒரு பாதியில் ஆல்ஃபா கூடியும் இன்னொரு பாதியில் குறைந்தும் இருக்கிறது. "உங்கள் ஆல்ஃபா இவ்வளவு" என்று ஒரே எண்ணாகச் சொல்லும்போது இந்த விஷயம் முழுதாகக் காணாமல் போய்விடுகிறது.

நினைவிலும் இதே கதைதான். சில எழுத்துகளைக் காட்டி மறைத்துவிட்டு, சில விநாடி மனதில் வைத்திருக்கச் சொன்னால், எழுத்துகள் அதிகமாக அதிகமாகப் பின்மண்டையில் ஆல்ஃபா கூடுகிறது. 2002-ல் ஓலே யென்சனும் சகாக்களும் காட்டியது இது. சுமை ஏற ஏற ஓய்வு கூடும் என்று யாரும் சொல்ல முடியாது. புதுக் காட்சி எதுவும் உள்ளே வந்து நினைவைக் கலைக்காதபடி வாசலைச் சாத்தி வைக்கிறது என்ற விளக்கம்தான் பொருந்துகிறது.

தீட்டா தூக்கக் கலக்கமா, ஆழ்ந்த கவனமா? ஒரு இடத்தில் ஒரு மாதிரி எழுதியிருக்கிறார்களே?

இரண்டும் சரி. ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு தாளங்கள், ஒரே அதிர்வெண் வரம்புக்குள் விழுகின்றன, அவ்வளவுதான்.

தூக்கம் வரும் நேரத்தில் பின்மண்டை ஆல்ஃபா துண்டு துண்டாக உடைந்து மறைகிறது. அதன் இடத்தில் 4 முதல் 7 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்கற்ற, தாழ்வான அலைகள் தலை முழுக்கப் பரவுகின்றன. கூடவே கண்கள் இமைக்குள் மெதுவாக உருளும், இமைத்தல் குறைந்துவிடும். தூக்க ஆய்வகங்கள் உறக்கத்தின் முதல் கட்டம் தொடங்குவதை இப்படித்தான் குறிக்கின்றன.

கவனத்தின் தீட்டா வேறு. தொடர்ந்து மனக்கணக்குப் போடும்போதும், நினைவில் பல விஷயங்களை ஏந்தியிருக்கும்போதும், நெற்றிக்கு மேலே நடுக்கோட்டில், இ.இ.ஜி திரையில் `Fz` என்று காட்டும் மின்முனையில், 6 ஹெர்ட்ஸ் அளவில் சீரான அலை சில விநாடிகள் வரும். நடுநெற்றித் தீட்டா என்று இதைச் சொல்லலாம். எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரியும்படி வராது.

பிரித்துப் பார்ப்பது கடினமில்லை. எங்கே வருகிறது, சீராக இருக்கிறதா, கண் எப்படி நகர்கிறது, கொடுத்த வேலையில் பதில்கள் சரியாகவும் வேகமாகவும் வருகின்றனவா என்று பாருங்கள். பதில்கள் தாமதமாகி, கண் உருண்டு, அலை தலை முழுக்க இருந்தால் அவருக்குத் தூக்கம் வருகிறது. காபி கொடுங்கள்.

மூன்றாவதாக ஒரு தீட்டாவும் இருக்கிறது. எலி ஓடும்போதும் முகர்ந்து திரியும்போதும், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் அலையடிப்பது. 1993-ல் லண்டனில் ஓகீஃபும் ரெஸ்ஸும் கண்டது அழகான ஒன்று. எலி ஓர் இடத்தைக் கடக்கும்போது, அந்த இடத்துக்கென்றே துடிக்கும் நரம்பணு ஒவ்வொரு தீட்டா சுழற்சியிலும் சற்று முன்னதாகத் துடித்துக்கொண்டே போகிறது. சுழற்சியில் எந்தக் கட்டத்தில் துடித்தது என்பதே எலி அந்த இடத்துக்குள் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்ற தகவலைத் தாங்குகிறது. "தீட்டா நினைவாற்றலின் அலை" என்ற வாசகம் பெரும்பாலும் இந்த எலி ஆராய்ச்சியிலிருந்து வந்தது. ஹிப்போகாம்பஸ் மூளையின் ஆழத்தில் இருப்பதால், தலைத்தோலில் ஒட்டிய மின்முனையில் தெரிகிற தீட்டாவுக்கு அந்தப் பெருமையை அப்படியே தூக்கிக் கொடுக்க முடியாது.

நெற்றியில் கட்டும் ஒரு பேண்ட் வாங்கினேன். கண்ணைத் திறந்ததும் தீட்டா 20 சதவீதத்திலிருந்து 25 ஆகிவிட்டது என்று ஆப் காட்டுகிறது. என்ன நடந்தது?

பெரும்பாலும் தீட்டாவில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கண் மூடியிருக்கும்போது டெல்டா 40, தீட்டா 20, ஆல்ஃபா 30, பீட்டா 10 என்று வைத்துக்கொள்வோம். புரிவதற்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை. மொத்தம் 100, ஆகவே தீட்டா 20 சதவீதம். இப்போது கண்ணைத் திறக்கிறீர்கள். ஆல்ஃபா 30-லிருந்து 10 ஆகிறது, மற்ற மூன்றும் துளியும் மாறவில்லை. மொத்தம் 80. தீட்டா அதே 20தான், ஆனால் 80-ல் 20 என்பது 25 சதவீதம். டெல்டாவும் 40-லிருந்து 50 சதவீதத்துக்கு "ஏறிவிட்டது". குறைந்தது ஆல்ஃபா ஒன்றுதான். ஆப் மட்டும் மூன்று பட்டைகள் கூடிய கதையைச் சொல்லும்.

இதனால்தான் சதவீதத்தை மட்டும் காட்டும் கருவியை நான் நம்புவதில்லை. ஒவ்வொரு பட்டையின் உண்மையான அளவும் வேண்டும். அதைவிட, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு என்று காட்டும் வரைபடம் வேண்டும். மூளையின் மின்னோட்டத்தில் தாளமே இல்லாதபோதும் எல்லா அதிர்வெண்ணிலும் கொஞ்சம் ஆற்றல் இருக்கும், தாழ்ந்த பக்கம் அதிகமாகவும் உயர்ந்த பக்கம் குறைவாகவும், ஒரு சரிவு மாதிரி. உண்மையான தாளம் அந்தச் சரிவின் மேல் ஒரு மேடாகத் தெரியும். 10 ஹெர்ட்ஸில் மேடு இருந்தால் ஆல்ஃபா உண்டு. 6 ஹெர்ட்ஸில் மேடே இல்லாமல் சரிவு மட்டும் இருந்தால், ஆப் காட்டும் "தீட்டா 20" வெறும் சரிவின் ஒரு துண்டு.

நெற்றிப் பேண்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது கண்ணுக்கு மிக அருகில் இருக்கிறது. கண்விழி தானே ஒரு சின்ன மின்கலம் போன்றது. ஒவ்வொரு இமைப்பும் மூளை அலையைவிடப் பெரிய ஒரு மேட்டை டெல்டா, தீட்டா பகுதியில் தள்ளிவிடும். கண் மூடியபோது இமைக்கவில்லை, திறந்ததும் இமைத்தீர்கள். தீட்டா கூடியதற்கு அதுவே போதுமான காரணம்.

என் ஆல்ஃபா 10 ஹெர்ட்ஸ், அப்பாவுக்கு 8 தான். அவருக்கு ஏதாவது குறையா?

அந்த எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பெரியவர்களில் ஆல்ஃபா மேடு ஆளுக்கு ஆள் மாறும், வயதானால் மெல்ல இறங்கும். குழந்தைகளிடம் அது ஏறி வருகிறது: ஒரு வயதில் 6 ஹெர்ட்ஸ் அளவில், மூன்று வயதில் 8, பத்து வயதுவாக்கில் 10. பின்மண்டையில் இருக்கிறது, கண் திறந்தால் தணிகிறது என்றால், அது 7 ஹெர்ட்ஸில் இருந்தாலும் அதே ஆல்ஃபா தாளம்தான். ஆப் மட்டும் அதைத் தீட்டா என்று எண்ணிக்கொள்ளும். அப்பாவுக்கு மறதி, குழப்பம் போன்ற அறிகுறி இருந்தால் அதற்காக நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

காமா தான் உச்சகட்ட விழிப்பு, ஞானிகளின் அலை என்கிறார்களே?

காமா உண்மையான தாளம். 1989-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் கிரேயும் சிங்கரும் பூனையின் பார்வைப் பகுதிக்குள் நுண்முனைகளை வைத்து, நகரும் கோடுகளைக் காட்டியபோது, அணுக்கூட்டங்கள் 40 முதல் 60 ஹெர்ட்ஸில் சேர்ந்து துடிப்பதைக் கண்டார்கள். பிரச்சினை எல்லாம் மண்டையோட்டுக்கு வெளியே வந்தபிறகுதான்.

காமா மிகச் சிறிய அலை. தலையிலும் முகத்திலும் கழுத்திலும் உள்ள தசைகளின் மின்னோட்டம் அதே அதிர்வெண்களில், அதைவிட வலுவாக வருகிறது. 2007-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஆய்வாளர்கள், விழிப்பிலிருக்கும் தன்னார்வலர்களுக்குத் தசைகளைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்யும் மருந்து கொடுத்து, செயற்கைச் சுவாசத்தோடு இ.இ.ஜி எடுத்தார்கள். மனம் முழு விழிப்பில். ஆனால் 20 ஹெர்ட்ஸுக்கு மேலிருந்த ஆற்றல் பல மடங்கு விழுந்துவிட்டது. அதுவரை மூளை என்று நினைத்ததில் பெரும்பகுதி தசை. அடுத்த ஆண்டே இஸ்ரேலிலிருந்து இன்னொரு அடி. படம் காட்டியதும் கால் விநாடியில் எழும் "காமா" பலசமயம் கண்ணின் நுண்ணிய துள்ளல்களால் உண்டாவது என்று யுவல்-கிரீன்பெர்க் குழு காட்டியது.

ஞானிகள் விஷயம் 2004-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்விலிருந்து வருகிறது. நீண்டகாலம் தியானம் பழகிய எட்டுத் திபெத்திய பௌத்தர்களிடம், கருணைத் தியானத்தின்போது மிக வலுவான காமா பதிவானது. முக்கியமான ஆய்வுதான். ஆனால் பங்கேற்றவர்கள் எட்டே பேர், தசைக் கலப்பு எவ்வளவு என்ற கேள்வியை மேலே சொன்ன இரண்டு கண்டுபிடிப்புகளும் பின்னால் கூர்மையாக்கிவிட்டன. அதை வைத்து உங்கள் நெற்றிப் பேண்டில் காமா ஏறினால் ஞானம் என்று சொல்ல முடியாது. புருவத்தைச் சுருக்கினாலே ஏறும், செய்து பாருங்கள்.

தலைத்தோலிலிருந்தே நம்பகமாகக் காமாவைப் பார்க்கும் வழி இருக்கிறது. பெரிய, தெளிவான கோடுகள் கொண்ட படத்தைத் திரை நிறையக் காட்டினால், பின்மண்டையில் குறுகலான ஒரு மேடு எழும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சுப்ரதிம் ராயின் குழு இப்படித்தான் அளக்கிறது. 50 வயதுக்கு மேற்பட்ட, நலமாக இருப்பவர்களிடம்கூட வயது ஏற ஏற இந்தக் காமா வலுவிழப்பதைக் கண்டிருக்கிறார்கள். அவர்கள் அளப்பது கோடுகளைப் பார்க்கும்போது வரும் காமாவை. அதில் ஞானத்துக்கு இடமில்லை, பார்வைப் பகுதி அந்தப் படத்துக்கு எப்படிப் பதிலளிக்கிறது என்பதுதான் தெரிகிறது.

40 ஹெர்ட்ஸ் ஒலியோ ஒளியோ போட்டால் அல்சைமர் குறையுமா?

2016-ல் எம்.ஐ.டி.யில் லி-ஹுவே சாய் குழு, எலிகளுக்கு 40 ஹெர்ட்ஸில் மினுக்கும் ஒளி காட்டினால் அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் பார்வைப் பகுதியில் குறைவதாகக் காட்டியது. 2023-ல் நியூயார்க்கில் பூஜாகியின் குழு திரும்பச் செய்தபோது அந்தக் குறைவு கிடைக்கவில்லை, ஒளி மூளையின் சொந்தக் காமாவோடு இணைவதாகவும் தெரியவில்லை. விநாடிக்கு 40 முறை தட்டினால் பார்வைப் பகுதி 40 முறை பதில் சொல்லும். கதவைத் தட்டும் சத்தம் வீட்டுக்காரர் பாடும் பாட்டு ஆகாது. இணையத்தில் கிடைக்கும் 40 ஹெர்ட்ஸ் காணொளிகளைச் சிகிச்சையாக எண்ண வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் மினுக்கும் ஒளிப் பக்கமே போகக் கூடாது.

டெல்டாவும் பீட்டாவும்?

டெல்டா பெரியவர்களிடம் ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம், இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில்தான் அதிகம் வரும். பீட்டாவை "சுறுசுறுப்பு" என்பார்கள். உடல் அசைவை இயக்கும் மூளைப் பகுதியில், கை அசையாமல் நிலையாக இருக்கும்போது அது வலுவாக இருக்கும், அசைக்கும்போது தணியும். அந்தப் பெயரும் முழுசாகப் பொருந்தவில்லை.

பையனுக்குக் கவனக்குறைவு. தீட்டா–பீட்டா விகிதம் எடுத்தால் ஏ.டி.எச்.டி தெரிந்துவிடும் என்கிறார்கள். எடுக்கலாமா?

அதை மட்டும் நம்பி எடுக்க வேண்டாம். 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை மருத்துவரின் மதிப்பீட்டுக்குத் துணையாக மட்டும் அனுமதித்தது. 2016-ல் அமெரிக்க நரம்பியல் கழகம், வழக்கமான மருத்துவ மதிப்பீட்டுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவுறுத்தியது. காரணம் மேலே பார்த்ததுதான். முந்தைய இரவு சரியாகத் தூங்காத குழந்தைக்குத் தீட்டா கூடும். ஆல்ஃபா மெதுவாக இருக்கும் குழந்தையிடம் அது தீட்டாவில் விழும். இரண்டிலும் விகிதம் ஏறும், கவனக்குறைவு இல்லாமலே. வீட்டிலும் பள்ளியிலும் எப்படி இருக்கிறான் என்று ஆசிரியரிடமும் உங்களிடமும் கேட்டறிகிற குழந்தை மனநல மருத்துவரோ குழந்தை நரம்பியல் மருத்துவரோ போதும்.

நானே ஒரு முறை என் ஆல்ஃபாவைப் பார்க்க ஆசை. எப்படிச் செய்தால் நம்பலாம்?

பின்மண்டையில் மின்முனை வைக்க முடிகிற கருவி வேண்டும். `O1`, `O2` அல்லது `Oz` என்ற இடம். முந்தின நாள் ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளியுங்கள், எண்ணெய் வைக்காதீர்கள். நம் ஊரில் இ.இ.ஜி கெட்டுப்போவதற்கு எண்ணெய்த் தலை ஒரு பெரிய காரணம். மின்முனை தோலோடு ஒட்டாமல் வெறும் இரைச்சலைத்தான் வாங்கும். வரைபடத்தில் 50 ஹெர்ட்ஸில் ஊசி மாதிரி ஒரு கூர் தெரிந்தால் அது வீட்டு மின்சாரம். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள்.

சாய்ந்து உட்கார்ந்து, தாடையைத் தளர விட்டு, ஒரு நிமிடம் கண் மூடுங்கள், ஒரு நிமிடம் திறங்கள். இப்படி நான்கைந்து முறை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரே ஒரு முறை செய்தால் தற்செயலையும் தாளத்தையும் பிரிக்க முடியாது. இரண்டு நிலைகளின் வரைபடங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். 8-க்கும் 13-க்கும் நடுவில் ஒரு மேடு, கண் மூடிய ஒவ்வொரு முறையும் எழுந்து, திறந்த ஒவ்வொரு முறையும் தாழ வேண்டும். அடுத்து, கண் மூடியபடியே 300-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள், மேடு என்ன ஆகிறது என்று பாருங்கள். சிலருக்கு, முழு ஆரோக்கியத்தோடு இருந்தாலும், ஆல்ஃபா மேடு மிகத் தாழ்வாகவே இருக்கும். மின்முனை சரியாக ஒட்டியிருந்தும் உங்களுக்கு மேடு வரவில்லை என்றால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருக்கலாம், பயப்பட எதுவும் இல்லை.